பாதி வருமானம் என்றால், எந்த மாத வருமானம்?

மகளிர் குழு மூலம் ஜாமீன் சொத்தின்றிக் கிடைக்கும் லோனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு விதி, அதை வாங்கும் பெண்களில் பலருக்குத் தெரியாது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பம் மாதாமாதம் கட்ட வேண்டிய எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 2022 ஏப்ரல் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். புதுக் கடனின் தவணையையும் சேர்த்தே இந்தப் பாதியைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பாதியைத் தாண்டிவிட்ட குடும்பத்துக்கு, தவணைகள் வரம்புக்குள் இறங்கும்வரை எந்த நிறுவனமும் புதிய குழு லோன் தரக் கூடாது.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. வருமானம் என்று படிவத்தில் எந்தத் தொகையை எழுதுகிறார்கள் என்பதில்தான் குடும்பங்கள் சிக்குகின்றன. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கணவர் கொத்தனார், வேலை இருக்கும் மாதத்தில் 16,500 ரூபாய் கொண்டுவருகிறார். மனைவிக்குத் தையலில் 4,500. மொத்தம் 21,000. வாரம் 650 ரூபாய் கட்டும் ஒரு குழு லோன், மாதம் 2,350 கட்டும் இன்னொரு லோன், பைக்குக்கு 2,900 ரூபாய் டியூ என்று ஏற்கெனவே மூன்று கடன்கள். இப்போது 40,000 ரூபாய் புது லோன் தருவதாக ஒரு நிறுவனம் வருகிறது. 24 மாதம், 24 சதவீத வட்டி. தவணை சுமார் 2,115. வாரத் தவணையை நாலால் பெருக்கி 2,600 என்று வைத்தால் எல்லாம் சேர்ந்து 9,965. பாதி வருமானம் 10,500. வரம்புக்குள் இருக்கிறது, கையெழுத்துப் போடலாம் என்பார்கள்.

இதில் மூன்று இடங்களில் கணக்கு தவறுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கட்டட வேலை படுத்துவிடும். அப்படி ஆண்டுக்கு மூன்று மாதம் கணவரின் கூலி 9,000 ஆகக் குறைந்தால், பன்னிரண்டு மாதத்துக்கும் பரப்பிய சராசரி 19,125தான். அதில் பாதி சுமார் 9,560. அடுத்து, ஆண்டுக்கு 52 வாரம். 650ஐ 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 2,817 வரும். மூன்றாவது, யாரும் கேட்காத நகைக்கடன். 50,000 ரூபாய்க்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் 500 ஏறுகிறது. ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டுவதால் அது தவணையாகவே கண்ணில் படுவதில்லை. அடகு வைத்து வாங்கிய கடனும் ரிசர்வ் வங்கிக் கணக்கில் சேரும்.

சரியாகப் போட்டால் பழைய தவணைகளே 8,567. புது லோனுக்கு மிஞ்சும் இடம் 1,000 ரூபாய்கூட இல்லை. அதே வட்டிக்கும் காலத்துக்கும் 18,000 ரூபாய் வரைதான் தாங்கும். மீறி 40,000 வாங்கினால், மழை மாத வருமானமான 13,500இல் கடனுக்குப் போக 2,818 மிஞ்சும். வாடகையும் அரிசியும் அதற்குள் அடங்காது. அப்போதுதான் கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போக நேரிடுகிறது.

சட்டத்தின் பாதி என்பது நிறுவனம் தாண்டக் கூடாத எல்லை. உங்கள் எல்லையை மிகக் குறைந்த வருமானம் வந்த மாதத்தை வைத்து நீங்களே போடுங்கள். எடுத்த சீட்டின் பாக்கியும் தெரிந்தவரிடம் வாங்கிய கைமாற்றும் நிறுவனத்தின் கணக்கில் வராது. உங்கள் கணக்கில் வரவேண்டும். பக்கத்து வீட்டாருக்காக உங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்த லோன் உங்கள் கடன்தான். ‘அவங்க கட்டிக்குவாங்க’ என்று அதைக் கழித்துவிடாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் படிவத்தில் குடும்ப வருமானம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள் எனக் கேட்டுப் பாருங்கள். கூட்டி எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். நிறுவனம் அந்தத் தொகையைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் முழுக் கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

பாதியைத் தாண்டிக் கொடுத்தார்கள் என்பதால் கடன் ரத்தாகிவிடாது; வாங்கியதைக் கட்டியே ஆக வேண்டும். ஆனால் இந்த லோனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. தாமதத்துக்கான அபராதத்தையும் பாக்கி நின்ற தொகைக்கு மட்டுமே போடலாம், முழுக் கடனுக்கும் அல்ல. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. உறவினரையோ உடன் வேலை செய்பவரையோ தொல்லை செய்யவும் கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் பதியலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.