ஆடுவது கையா, கேமராவா, ஸ்கேனரா?

பழைய சூப்பர் 8 சுருளை ஸ்கேன் செய்து கணினியில் ஓடவிட்டால், கல்யாண மண்டபத்துத் தூண்கூட நிலையாக நிற்காது. பலரும் உடனே எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் ஸ்டெபிலைசரை நாடுகிறார்கள். ஆட்டம் குறைகிறது, கூடவே படமும் குறைகிறது. பிரேமை நகர்த்தும்போது ஓரத்தில் விழும் வெற்றிடத்தை மறைக்க மென்பொருள் படத்தைப் பெரிதாக்கும். 10 சதவீதம் பெரிதாக்கினாலே பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம் போய்விடும். ஓரமாக நின்ற அத்தையைப் பிறகு காணோம்.

அந்த மென்பொருள் பார்ப்பது படத்துக்குள் இருக்கும் காட்சியை மட்டுமே. எடுத்தவர் கை நடுங்கியதையும் பிலிம் நெளிந்ததையும் அதனால் பிரித்தறிய முடியாது. நமக்கோ அந்தப் பிரிவினைதான் முக்கியம்.

1965இல் கோடாக் கொண்டுவந்த சூப்பர் 8 பிலிமில் ஒவ்வொரு பிரேமுக்கும் பக்கவாட்டில் ஒரே ஒரு துளை உண்டு. கேமராவில் ஒரு கொக்கி அந்தத் துளைக்குள் நுழைந்து பிலிமைக் கீழே இழுக்கும். பிலிமை அழுத்திப் பிடிக்கும் தகடு கேமராவில் இல்லை, பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு பிரேமும் சற்றே வேறு இடத்தில் நிற்கும். பிறகு ஸ்கேனரும் தன் பங்குக்கு அதை ஆட்டும்.

எது ஆடுகிறது என்று கண்டுபிடிக்க, துளையும் பிரேமின் நான்கு ஓரங்களும் தெரியும்படி அகலமாக ஸ்கேன் செய்திருக்க வேண்டும். துளையும் படமும் சேர்ந்தே குதித்தால் குற்றம் ஸ்கேனருடையது. துளை நிற்க, படம் தன் கறுப்பு ஓரத்தோடு சேர்ந்து ஆடினால், எடுத்த அன்றே கேமராவுக்குள் பிலிம் நகர்ந்திருக்கிறது. துளையும் ஓரமும் நிற்க, உள்ளே காட்சி மட்டும் அசைந்தால் அது எடுத்தவரின் கை. அதைத் தொடாமல் விடுவதே என் கட்சி. சித்தப்பா கேமராவோடு நடந்ததும் அந்தப் படத்தின் பகுதிதானே.

கணக்கைப் பார்ப்போம். சூப்பர் 8 பிரேமின் அகலம் 5.79 மில்லிமீட்டர். ஸ்கேனில் அது 1600 பிக்சல் அகலத்துக்கு வந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 276 பிக்சல். பிலிம் 0.05 மில்லிமீட்டர் விலகினாலே திரையில் 14 பிக்சல் குதிக்கும். ஆனால் பிரேமைச் சுற்றி அதைவிட அதிகமாகப் பிலிம் ஓரம் ஸ்கேனில் இருக்கிறது. ஒவ்வொரு பிரேமையும் அதன் இடத்துக்குத் திருப்பி வைத்தால் காட்சியில் எதையும் வெட்ட வேண்டியதில்லை, கறுப்பு ஓரத்தை மட்டும் கடைசியில் நீக்கினால் போதும்.

இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரிலேயே இதைச் செய்யலாம். துளையின் ஒரு மூலையில் டிராக்கரை வைத்து, Match என்பதில் Keyframe தேர்ந்தெடுங்கள். அப்போது ஒவ்வொரு பிரேமும் முந்தியதோடு ஒப்பிடப்படாமல், முதலில் குறித்த வடிவத்தோடே ஒப்பிடப்படும். சிறு பிழைகள் சேர்ந்து படம் மெல்ல நழுவாது. பிறகு 2D Stabilization-இல் அந்த டிராக்கரைச் சேர்த்து, Autoscale-ஐ அணைத்துவிடுங்கள். துளை கிழிந்த இடத்திலும் ஒட்டுப் போட்ட இடத்திலும் டிராக்கர் தடுமாறும், அங்கே சில பிரேம்களைக் கையால் சரிசெய்வதுதான் வழி. ஸ்கேனர் விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருந்தால் துளையின் விளிம்பே கசிந்து மங்கும், அதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது.

துளையை நிறுத்திய பிறகும் ஆட்டம் மிச்சமிருந்தால் அது கேமராவுடையது. அப்போது அசல் ஸ்கேனுக்கே திரும்பி, துளைக்குப் பதிலாகப் பிரேமின் ஓரத்தைப் பிடியுங்கள். அந்த ஓரம் கேமரா ஜன்னலின் நிழல். படம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். ஆகவே அதை நிறுத்தினால் ஸ்கேனர், கேமரா இரண்டின் ஆட்டமும் ஒருசேரப் போகும். ஏற்கெனவே நகர்த்திய பிரேமை மறுபடி நகர்த்தினால் கூர்மை குறையும், அதனால்தான் அசலுக்குத் திரும்பச் சொல்கிறேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. ரிவர்சல் பிலிமில் ஒளி படாத இடம் கறுப்பு. இரவுக் காட்சியில் படமும் கறுப்பு, ஓரமும் கறுப்பு என்பதால் பிடிக்க எதுவும் கிடைக்காது. அங்கே துளையோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

இவ்வளவும் ஸ்கேனைப் பொறுத்தது. சுருளைக் கடையில் கொடுக்கும்போதே, துளை தெரியும்படி முழு அகலமும் வேண்டும், பிலிமின் ஒரு பிரேமுக்கு ஒரு பிரேம் என்ற கணக்கில் கோப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நொடிக்கு 18 பிரேமை 25 ஆக்கக் கலந்து கொடுத்தால், இரண்டு பிரேம்களின் துளை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும், எதையும் பிடிக்க முடியாது. ஓரத்தை வெட்டித்தான் தருவோம் என்கிறார்களா? சுருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடை பாருங்கள்.