இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு விளம்பரம்

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் என் அக்கா பேஸ்புக்கில் விளம்பரம் போட்டார். கடையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர், பெண்கள் மட்டும், தினம் 300 ரூபாய். பத்தாம் நாள் மாவு வாங்க வந்தவர் சொன்னார்: "என்னக்கா, போனைத் திறந்தாலே உங்க மாவுதான் வந்து நிக்குது!"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். விளம்பரத்தை 1,000 தடவை காட்ட சுமார் 60 ரூபாய் ஆகியிருந்தது. அப்படியானால் ஒரு நாளைக்கு 5,000 தடவை, பத்து நாளில் 50,000. பார்த்த பெண்களோ மொத்தம் 4,000 பேர்தான். ஆளுக்குப் பன்னிரண்டரை தடவை! திரையில் Frequency என்ற இடத்தில் தெரிவது இந்த எண்தான். இதுவும் சராசரிதான். நாள் முழுக்கப் போனில் இருப்பவர்கள் இன்னும் அதிகமாகப் பார்த்திருப்பார்கள். Reach ஏறாமல் நின்று Frequency மட்டும் ஏறினால் புதிய ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள் என்று பொருள்.

பயந்துபோன அக்கா வலையை இன்னும் இறுக்கினார். வயது 30 முதல் 45, சமையலில் ஆர்வம் உள்ளவர்கள், ஒரு மெசேஜுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்ற வரம்பு. மறுநாள் 300 ரூபாயில் 40 ரூபாய்கூடச் செலவாகவில்லை.

ஒருவர் திரையைத் திறக்கும்போது அந்த இடத்துக்காக விளம்பரதாரர்களுக்குள் ஏலம் நடக்கிறது. கூட்டம் பெரிதாக இருந்தால் ஒருவரிடம் தோற்றாலும் அடுத்தவர் வருவார். சில நூறு பேரே உள்ள வட்டத்தில், விலைக்கும் வரம்பு வைத்துவிட்டால், அடுத்தவர் என்று யாருமில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. யாருக்குக் காட்டினால் மெசேஜ் வரும் என்று பேஸ்புக் கற்றுக்கொள்ள வாரத்துக்குச் சுமார் 50 மெசேஜாவது வேண்டும். அத்தனை பேருக்குள் அது நடக்காத காரியம். அப்போதுதான் Learning limited என்று எழுதி வரும்.

ஆரம்பத்தில் பணம் ஆட்களுக்கு மிஞ்சியது. பிறகு ஆட்களே இல்லாமல் போனார்கள். வட்டத்தை நான்கு கிலோமீட்டராக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். ஆட்களும் கிட்டத்தட்ட அதே அளவில் கூடுவார்கள். பல் மருத்துவமனைக்கு அதைத்தான் சொல்வேன். அரைக் கிலோ மாவுக்காக நான்கு கிலோமீட்டர் யாரும் வரமாட்டார்கள்.

அதனால் வட்டத்தைத் தொடாமல், வயது, ஆர்வம், விலை வரம்பு மூன்றையும் எடுத்துவிட்டோம். மெசேஜைத் தேடாமல், முடிந்தவரை அதிகம் பேரைச் சென்றடைவதே குறிக்கோள் என்று மாற்றி, ஏழு நாளில் ஒருவருக்கு இரண்டு தடவைதான் என்று வரம்பு வைத்தோம். தினம் 60 ரூபாய் போட்டால் வாரத்துக்கு 7,000 தடவை. 4,000 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டுக்கும் குறைவு. அவ்வளவு போதும்.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. வட்டத்தில் பாதி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கேட் மூடினால் கால் மணி நேரம் நிற்க வேண்டும். அங்கிருந்து யாரும் மாவு வாங்க வந்ததில்லை. குறியை இந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தோம்.