விசாவுக்கு முன் டிக்கெட் வாங்க வேண்டுமா?

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா கேட்பவர்கள் பலர், முதல் வேலையாக விமான டிக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். விசா மறுக்கப்பட்டால் டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் ஷெங்கன் விசா விதி அப்படிக் கேட்கவில்லை. திரும்பி வருவதற்கான சான்றாக டிக்கெட்டையோ முன்பதிவையோ காட்டலாம் என்கிறது அதன் இணைப்பு. முன்பதிவே பல தூதரகங்களுக்குப் போதும். எதற்கும் விண்ணப்பிக்கும் நாட்டின் ஆவணப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு என்பது பணம் கட்டாமல் இடத்தைப் பிடித்து வைப்பது. டிராவல் ஏஜென்ட் விமான நிறுவனத்தின் கணினியில் உங்கள் பெயரைப் பதிந்ததும் ஆறு எழுத்து, எண்கள் கொண்ட பிஎன்ஆர் கிடைக்கும். பணம் கட்டிய பிறகுதான் 13 இலக்க டிக்கெட் எண் வரும். கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டால் பிடித்து வைத்த இடம் தானாக விழுந்துவிடும். அந்தக் கெடு சில மணி நேரமாகவும் இருக்கலாம், சில நாட்களாகவும் இருக்கலாம். ஆகவே ஆவணங்களைக் கொடுக்கும் நாளுக்கு ஒட்டி முன்பதிவு எடுப்பதே சரி.

‘டம்மி டிக்கெட்’ என்ற பெயரில் விற்கப்படுவதில்தான் ஆபத்து. உண்மையான முன்பதிவையே சிலர் அப்படிச் சொல்வார்கள். வேறு சிலர் கணினியில் எதையும் பதியாமல், பழைய டிக்கெட்டில் பெயரை மாற்றி அச்சிட்டுக் கொடுப்பார்கள். தாள் கைக்கு வந்ததும், விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பிஎன்ஆரையும் குடும்பப் பெயரையும் இட்டுப் பாருங்கள். பயணம் அங்கே தெரியாவிட்டால் ஏஜென்டிடம் கேளுங்கள். சரியான விளக்கம் இல்லையென்றால் அதைக் கொடுக்காதீர்கள். போலி ஆவணம் என்பது விசா மறுப்புக்கான தனிக் காரணம். அந்த மறுப்பு ஷெங்கன் நாடுகளின் பொதுப் பதிவிலும் ஏறும்.

ஹோட்டலுக்கு வழி எளிது. கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையைப் பதிவு செய்தால் போதும். வாடகை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். கவனிக்க வேண்டியது ரத்து செய்வதற்கான கடைசித் தேதி.

ஒரு தம்பதி மே 10 இரவு சென்னையில் விமானம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் பாரிஸ் சேர்ந்து ஐந்து இரவு, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகனில் மூன்று, ரோமில் நான்கு. மே 23 அன்று ரோமிலிருந்து திரும்புகிறார்கள். அதிக நாள் தங்குவது பிரான்சில் என்பதால் அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

மார்ச் 10 அன்று ஆவணங்களைக் கொடுக்கிறார்கள். வழக்கமாக 15 நாளில், அதாவது மார்ச் 25 வாக்கில் முடிவு வரும். கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை, அதாவது ஏப்ரல் 24 வரை போகலாம். ஏப்ரல் முதல் வாரம் வரை மட்டுமே ரத்து செய்யலாம் என்ற அறையைப் பிடித்திருந்தால், முடிவு தெரியும் முன்பே பணம் சிக்கிக்கொள்ளும். மே முதல் வாரம் வரை ரத்து செய்ய இடம் தரும் அறையே அவர்களுக்குப் பொருந்தும்.

அதிகாரி இந்தத் தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார். இரவு விமானம் மறுநாள்தான் பாரிஸ் சேரும் என்பதை மறந்து, ஹோட்டலை மே 10 முதலே பதிவு செய்திருந்தால் முரண் தெரியும். ஒரு இரவுக்குக்கூடத் தங்குமிடம் விட்டுப்போகக் கூடாது. கணவர் பெயரில் மட்டும் அறை இருந்தால், மனைவி பெயரையும் சேர்த்த உறுதிச்சீட்டை ஹோட்டலிடம் கேட்டு வாங்க வேண்டும். பயணக் காப்பீடும் இதே நாட்கள் முழுவதையும் உள்ளடக்க வேண்டும்.

விண்ணப்பம் கொடுத்த கையோடு அறைகளை ரத்து செய்வது பலர் செய்யும் தவறு. தூதரகம் ஹோட்டலைத் தொடர்புகொண்டு விசாரித்தால், அப்படிப் பதிவே இல்லை என்று பதில் போகும். அதன்பின் சொன்ன காரணமே நம்பும்படி இல்லை என்று மறுக்க வழியுண்டு. முடிவு வரும்வரை பதிவுகள் அப்படியே இருக்கட்டும்.

விசா கையில் வந்ததும், அதிலுள்ள தேதிகளையும் நாள் கணக்கையும் பார்த்து டிக்கெட் வாங்கலாம். ஹோட்டலை மாற்றிக்கொள்வதிலும் தவறில்லை. ஆனால் ரோமில் இரண்டு இரவைக் கூட்டினால் அங்கே ஆறு, பாரிஸில் ஐந்து என்று ஆகி, விண்ணப்பித்த நாட்டைவிட வேறொரு நாடு முதன்மையாகிவிடும். தேதிகளை மாற்றும்போது பிரான்சின் கணக்கு குறையாமல் பார்த்துக்கொண்டால், எல்லையில் அதிகாரி தாள்களைக் கேட்டாலும் சொன்னதும் செய்வதும் ஒன்றாகவே இருக்கும்.