முதல் இரண்டு கிலோமீட்டர்

அறக்கொடைக்காக நடக்கும் வருடாந்திர ஓட்டத்துக்கு முன், ஓட்டக் குழுவின் கேப்டன் புதியவர்களை வரவேற்றுப் பேசக் கிடைப்பது மூன்று நிமிடம்தான். சென்னை போன்ற கடற்கரை நகரில், அந்தப் பேச்சில் முக்கியமாக இருக்க வேண்டியது முதல் இரண்டு கிலோமீட்டரைப் பற்றிய எச்சரிக்கை.

“வாங்க, எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு மைக்கும் மேளமும் கேட்டதும் கால் தானா பறக்கும். பறக்க விடாதீங்க. பக்கத்துல ஓடுறவர்கிட்ட முழு வாக்கியமாப் பேச முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்.” கேப்டன் இப்படித் தொடங்கினால் அது நல்ல வரவேற்பு.

கணக்கும் அதையே சொல்கிறது. பயிற்சியில் ஒரு கிலோமீட்டரை ஏழரை நிமிடத்தில் ஓடுகிறவர் 10 கிலோமீட்டரை 75 நிமிடத்தில் முடிப்பார். கூட்டத்தோடு சேர்ந்து முதல் இரண்டு கிலோமீட்டரை 13 நிமிடத்தில் ஓடிவிட்டால் அவருக்கு மிச்சம் இரண்டு நிமிடம். கடைசி மூன்று கிலோமீட்டரில் கால் ஓய்ந்து, பாதி நடையாகக் கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் ஆனால், மொத்தம் 80 நிமிடத்தைத் தாண்டிவிடும். முதல் இரண்டை எட்டு எட்டு நிமிடத்திலும், நடு ஆறை ஏழரையிலும், கடைசி இரண்டை ஏழிலும் ஓடுகிறவர் அதே 75 நிமிடத்தில் தெம்போடு வந்து சேருவார்.

நேரத்தைவிடப் பெரிய கவலை வெப்பம். உடம்பு குளிர்வது பெரும்பாலும் வியர்வை ஆவியாவதால்தான். விடியற்காலையில் வெயில் இல்லாவிட்டாலும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமல் வழிகிறது. உள்ளே சூடு ஏற, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கிறது. தலைசுற்றல், மயிர்க்கூச்செறிதல் வந்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஒருவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிட்டு, குளிர்ந்த நீராலோ ஐஸாலோ உடம்பைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பயத்தில் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

பேச்சு முடியும்போது கேப்டன் பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் டி-சர்ட், தண்ணீர், மருத்துவ ஏற்பாடு போன்ற செலவுகளும் அடங்கும். அது முழுவதும் அறப்பணிக்குப் போவதில்லை. ஓடப் பெயர் கொடுக்கும்போதே, எந்த அமைப்புக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். முடிந்ததைத் தனியாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.