குதிப்பதற்கு முன் இழுக்கும் பத்து மூச்சு

கிணற்றில் தம் கட்டும் போட்டி என்றால், குதிப்பதற்கு முன் படியில் நின்று புஸ் புஸ்ஸென்று பத்து இருபது மூச்சு வேகமாக இழுத்து விடும் பையன் ஒருவனாவது இருப்பான். சின்ன வயதில் நானும் அப்படிச் செய்தவன்தான். ஆக்சிஜனை உள்ளே சேர்த்துக்கொள்கிறோம் என்று நினைப்பு.

அவ்வளவாக ஒன்றும் சேர்வதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தின் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பித்தான் இருக்கிறது. இந்த வேக மூச்சு வெளியே தள்ளுவது கார்பன் டை ஆக்சைடை. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் வழக்கமாக 40 மில்லிமீட்டர் பாதரசம்; அது 20, 25 வரை இறங்கிவிடும். அப்போது தலை லேசாகக் கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும்.

தம் கட்டியிருப்பவனை 'போதும், மேலே வா' என்று முட்டவைப்பது பெரும்பாலும் இந்த வாயுதான். மூளையின் அடியில், தண்டுவடம் தொடங்கும் இடத்தில் முகுளம் இருக்கிறது. அதன் முன்பரப்பை ஒட்டிச் சில உணர்செல்கள். ரத்தத்திலுள்ள அமிலம் மூளைக்குள் லேசில் நுழைய முடியாது. கார்பன் டை ஆக்சைடு நுழைந்துவிடும். உள்ளே போய் நீரோடு சேர்ந்து அமிலமாகிறது. அந்தப் புளிப்பைத்தான் இந்தச் செல்கள் மோப்பம் பிடிக்கின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறோம். வாயுவின் அழுத்தம் 40-லிருந்து 43-க்கு ஏறினாலே அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும்.

ஆக்சிஜனைப் பார்த்துக்கொள்ள வேறு காவல் உண்டு. கழுத்தில் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில், பக்கத்துக்கு ஒன்று. இவற்றின் வேலையைக் கண்டறிந்த பெல்ஜிய நாட்டுக் கார்னெய் ஹைமன்ஸுக்கு 1938-க்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 100-க்கு அருகே இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழே போகும்வரை இவை பெரிதாகச் சத்தம் போடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடும் குறைந்திருந்தால் அந்தச் சத்தமும் மங்கிவிடும்.

இப்போது கிணற்றுக்கு வருவோம். சாதாரணமாகக் குதித்தவனுக்கு 40-ல் தொடங்கும் கணக்கு 50-ஐ நெருங்கும்போது நெஞ்சு முட்டுகிறது. ஆக்சிஜன் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிடுகிறான். புஸ் புஸ் பையனுக்குத் தொடக்கமே 20, 25. கை கால் அடித்து நீந்தும் தசைகள் ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்க, முட்டல் மட்டும் வரவில்லை. ஆக்சிஜன் 30-க்கு அருகே இறங்கினால் நினைவு தப்பும். அடியாழத்தில் நீரின் அழுத்தம் நுரையீரலை நெருக்குவதால் அங்கே ஆக்சிஜன் அழுத்தம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். மேலே ஏற ஏற அது சடாரென்று விழும். அதனால் பலர் மயங்குவது நீர்மட்டத்துக்கு வெகு அருகில்.

அவன் துடிப்பதில்லை, கையை ஆட்டுவதில்லை. மேலிருந்து பார்த்தால் இன்னும் தம் கட்டிக்கொண்டிருப்பது போலவே தெரியும். படியில் நிற்பவர்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.