தேடினால் ஏன் வரவில்லை?

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் அவர் கணக்கின் பெயர் `meenu_creations_07`. புதுச் சேலையின் படத்தைப் போட்டு, 'இன்றைய வரவு, எப்படி இருக்கு?' என்று எழுதுகிறார். சுங்குடி தேடுபவர் கண்ணில் அது படுவது கடினம். எழுத்தில் எங்குமே 'சுங்குடி' இல்லையே!

தேடல் பெட்டியில் நாம் தட்டும் சொல்லை இன்ஸ்டாகிராம் முதலில் கணக்குப் பெயர், சுயகுறிப்பு, படக்குறிப்பு, ஹேஷ்டேக், இடப்பெயர் ஆகியவற்றோடு ஒப்பிடுகிறது. பொருந்தியவற்றை வரிசைப்படுத்தும்போதுதான் தேடுபவரின் பழக்கமும் பதிவுக்குக் கிடைத்த லைக், பகிர்வு போன்றவையும் கணக்கில் வருகின்றன. எனவே பெயர்ப் பகுதியில் 'மீனு | மதுரை சுங்குடி சேலை' என்று போடுவது முதல் வேலை. படக்குறிப்பிலும் துணி, நிறம், ஊர் வேண்டும். `sungudi` என்று ஆங்கில எழுத்தில் தேடுவோரும் உண்டு, அதையும் சேர்க்கலாம்.

ஹேஷ்டேக்கில் ஒரு பொறி இருக்கிறது. `#மதுரை சுங்குடி` என்று இடைவெளி விட்டால் 'மதுரை' மட்டுமே இணைப்பாகும். `#மதுரைசுங்குடி` என்று சேர்த்தே எழுத வேண்டும். சேலைக்குத் தொடர்பில்லாத `#love` கோடிக்கணக்கான பதிவுகளுக்குள் மூழ்கிவிடும். ஹேஷ்டேக்கைக் கமெண்டில் ஒளித்துவைக்கும் பழக்கமும் பயன் தராது. படக்குறிப்பிலேயே இருக்கட்டும் என்று 2021-இல் அந்நிறுவனமே சொல்லிவிட்டது.

பலித்ததா என்று சொந்த ஃபோனில் பார்க்காதீர்கள், அது உங்கள் பழக்கத்துக்கேற்பக் காட்டும். உங்களைப் பின்தொடராத ஒருவரின் ஃபோனில் தேடிப் பாருங்கள்.