மீண்டும் வேலைக்குச் செல்லும்போது வரும் கடிதம்

பிரித்தானியாவில் களஞ்சியமொன்றில் வேலை செய்யும் அன்பர் ஒருவர், இருதய பைபாஸ் சத்திரசிகிச்சைக்குப் பின் நான்கு மாதங்கள் வீட்டில் இருந்தார். வேலைக்குத் திரும்பும்போது நிர்வாகம் கொடுத்த கடிதத்தில் இப்படி இருந்தது: முதல் இரண்டு வாரங்கள் நாளுக்கு 4 மணித்தியாலம், அடுத்த இரண்டு வாரங்கள் 6, ஐந்தாம் வாரம் முழுநேரம். 'இலகுவான வேலை'. இரு வாரத்துக்கு ஒருமுறை மீளாய்வுக் கூட்டம்.

நல்ல கடிதம்தான். ஆனால் முதல் நாளே மேற்பார்வையாளர் 12 கிலோ பெட்டிகளை அடுக்கச் சொன்னார். அவருக்கு அது இலகுவான வேலை! அன்பர் தனது வைத்தியரிடம் சென்று, 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என 'ஃபிட் நோட்'டில் எழுதுவித்தார். கடிதமும் அவ்வாறே திருத்தப்பட்டது.

சம்பளத்தையும் கேளுங்கள். குறைக்கப்பட்ட மணித்தியாலங்களுக்குச் சம்பளம் உண்டா என்பதைப் பொதுவாக உங்கள் வேலை ஒப்பந்தமே தீர்மானிக்கும். சுகவீன விடுப்புக் காலத்திலும் வருடாந்த விடுமுறை சேரும். அதை இந்த மணித்தியாலங்களுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்கலாம்.

மீளாய்வில் களைப்பை மறைக்காதீர்கள். இரண்டாம் கூட்டத்தில் அன்பர் படியேற மூச்சு வாங்குவதைச் சொன்னார். வைத்தியரும் பார்த்தார். 6 மணித்தியாலம் மேலும் இரண்டு வாரங்கள் நீடித்தது. அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டார்.